மொத்தம் டேலி, வரிகள் தகராறு

2022ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரு சைபர் கிரைம் போலீசாரிடம் ஒரு புகார் வந்தது. கொடுத்தது, ஆன்லைன் கடைகளுக்காக வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கித் தரும் ரேஸர்பே நிறுவனம். அதன் கணக்கில் 831 பரிவர்த்தனைகள் ஒப்புதல் பெற்றவையாகப் பதிவாகியிருந்தன. அவற்றுக்கான 7,38,36,192 ரூபாய் மட்டும் வந்து சேரவில்லை. விசாரித்தால், அத்தனையும் உண்மையில் தோற்றுப்போன பரிவர்த்தனைகள். ஒப்புதல் தரும் கட்டத்தில் யாரோ கைவைத்து, தோல்வியை வெற்றியாக மாற்றியிருந்தார்கள். 16 கடைக்காரர்களின் பெயரில், மார்ச் 6 முதல் மே 13 வரை இது நடந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, விஷயம் வெளியே வந்த வழி. எந்த எச்சரிக்கை மணியும் அடித்ததாகத் தெரியவில்லை. தன் பதிவேட்டையும் வந்து சேர்ந்த பணத்தையும் வரிவரியாக ஒத்துப்பார்த்தபோதுதான் இந்த 831 வரிகளுக்கு மறுபக்கத்தில் ஜோடி இல்லை என்பது தெரிந்தது. கணக்குப் பிரிவில் இந்த வேலைக்கு ரெகன்சிலியேஷன் என்று பெயர். பேச்சில் சுருக்கமாக 'ரீகான்'.

பேமென்ட் கேட்வே நிறுவனத்துக்கு இந்தத் தலைவலி இருப்பதுபோலவே, அதன் வழியே பணம் வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் சிறிய அளவில் இருக்கிறது. கடைக்காரர்களில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

காரணம், பணம் வந்து சேரும் விதம். வாடிக்கையாளர் ஆயிரம் ரூபாய் கட்டினால் அது நேராகக் கடையின் வங்கிக் கணக்குக்குப் போவதில்லை. கேட்வே நிறுவனம் ஒரு வங்கியில் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் முதலில் விழுகிறது. ஒரு நாளின் விற்பனை முழுவதையும் சேர்த்து, தன் கட்டணத்தையும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியையும் கழித்து, அன்றைய ரீஃபண்டுகளையும் கழித்து, மிச்சத்தை ஒரே தொகையாகக் கேட்வே அனுப்புகிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது ஓரிரு வேலைநாள் கழித்து நடக்கும். அன்று முந்நூறு ஆர்டர் வந்திருந்தாலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தெரிவது ஒரே வரி: ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு யுடிஆர் எண்.

அந்த ஒற்றை வரிக்குள் எந்தெந்த ஆர்டர்கள் இருக்கின்றன என்று விரித்துச் சொல்வதுதான் செட்டில்மென்ட் ஃபைல். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரி இருக்கும். அதில் பேமென்ட் ஐடி, ஆர்டர் எண், மொத்தத் தொகை, கட்டணம், வரி, நிகரத் தொகை, எந்த யுடிஆரில் போனது என்ற விவரம் எல்லாம் இருக்கும்.

ஆக, கடைக்காரர் கையில் மூன்று பதிவுகள்: சொந்த ஆர்டர் பட்டியல், கேட்வே தரும் செட்டில்மென்ட் ஃபைல், வங்கி தரும் ஸ்டேட்மென்ட். முதல் இரண்டையும் கட்டுவது பேமென்ட் ஐடி. பின் இரண்டையும் கட்டுவது யுடிஆர். ஃபைலில் ஒரே யுடிஆர் உள்ள வரிகளையெல்லாம் கூட்டினால் வரும் நிகரத் தொகை, வங்கியில் அதே யுடிஆரோடு வந்த தொகைக்குப் பைசா பிசகாமல் சமமாக வேண்டும். பல அலுவலகங்களில் இந்த இரண்டாவது முடிச்சை மட்டும் போட்டுப் பார்த்து, "நெட்டுல டேலி ஆயிடுச்சு சார்" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். அது எவ்வளவு ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கடையின் கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

கோயம்புத்தூரில் ஒரு ஆன்லைன் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்கு 2 சதவீதக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. யுபிஐக்குக் கட்டணம் இல்லை என்பது ஒப்பந்தம். செவ்வாய்க்கிழமை ஐந்து ஆர்டர்கள். 101ஆம் எண் ஆயிரம் ரூபாய், கார்டு. 102 இரண்டாயிரத்து ஐந்நூறு, கார்டு. 103 ஆயிரம் ரூபாய், யுபிஐ. 104 ஆயிரத்து எண்ணூறு, கார்டு. 105 மறுபடி ஆயிரம் ரூபாய், கார்டு. மொத்தம் 7,300 ரூபாய். ஆயிரம் ரூபாய் கார்டு ஆர்டரில் 20 ரூபாய் கட்டணமும் 3.60 வரியும் போக 976.40 மிஞ்சும். இப்படியே எல்லாவற்றையும் கழித்துக் கூட்டினால் கடைக்கு வரவேண்டியது 7,151.32 ரூபாய்.

வியாழக்கிழமை வங்கிக் கணக்கில் 7,151.32 ரூபாய் வந்துவிடுகிறது. செட்டில்மென்ட் ஃபைலின் கூட்டுத்தொகையும் அதுவே. வரிகளின் எண்ணிக்கையும் ஐந்துதான்.

ஃபைலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தால் கதை மாறுகிறது. 101ஆம் ஆர்டரின் பேமென்ட் ஐடி இரண்டு வரிகளில் இருக்கிறது. 105ஆம் ஆர்டர் ஃபைலிலேயே இல்லை. இரண்டும் ஆயிரம் ரூபாய் கார்டு ஆர்டர் என்பதால், ஒன்று கூடியதும் ஒன்று குறைந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மொத்தத்தைச் சரியாக்கிவிட்டன. இது அபூர்வமாக நடக்கும் விபத்து என்று நினைக்க வேண்டாம். 499, 999 என்று ஒரே விலையில் நூற்றுக்கணக்கான பொருள் விற்கும் கடைகளில் இப்படி நடக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

105 எங்கே போனது? வெள்ளிக்கிழமை ஃபைலில் இருக்கிறது. அந்த வாடிக்கையாளர் செவ்வாய் இரவு 11.58க்குக் கட்டணப் பக்கத்தைத் திறந்தார். ஓடிபி போட்டு முடித்தபோது மணி 12.03. கடையின் பட்டியல் ஆர்டர் தொடங்கிய நேரத்தை எழுதியது. கேட்வே பணம் பிடிக்கப்பட்ட நேரத்தை எழுதியது. கேட்வேக்கு அது புதன்கிழமை வியாபாரம். எனவே அது தொலைந்த பணம் இல்லை, ஒரு நாள் தாமதம்.

101இன் இரட்டை வரிதான் நிஜமான பிழை. வெள்ளிக்கிழமை 105க்கான பணமும் வந்த பிறகு, கடையிடம் தனக்குச் சொந்தமில்லாத 976.40 ரூபாய் இருக்கிறது. இன்னும் சில வாரம் கழித்துக் கேட்வே தன் தவறைக் கண்டுபிடித்து, ஏதோ ஒரு நாளின் செட்டில்மென்ட்டில் சரிக்கட்டல் என்ற பெயரில் அந்தத் தொகையைக் கழிக்கும். வரிவரியாகப் பார்க்காத கடைக்காரருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலில் பேங்க் ஸ்டேட்மென்ட் குறைவாகத் தெரியும். அன்றைய ஆர்டர்களில் தப்பைத் தேடுவார். அங்கே ஒரு தப்பும் இருக்காது.

இரட்டை வரியைக் கண்டுபிடிப்பது கேட்பதற்குச் சுலபம். உண்மையில் சோதனையாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் இரட்டை போலத் தெரிவதெல்லாம் இரட்டை ஆகாது.

ஒரே பேமென்ட் ஐடி இரண்டு முறை வந்தால் அது ஃபைலின் தவறு. கேட்வேயிடம் கேட்க வேண்டும். ஒரே ஆர்டர் எண்ணுக்கு இரண்டு வேறு வேறு பேமென்ட் ஐடிகள் இருந்தால் வாடிக்கையாளர் நிஜமாகவே இரண்டு முறை கட்டியிருக்கிறார். பக்கம் உறைந்து நின்றதும் மறுபடி பொத்தானை அழுத்தியிருப்பார். அங்கே ஃபைல் சொல்வது சரி. கடை ஒரு தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஆர்டர் எண்ணும் வேறு, ஐடியும் வேறு, தொகையும் கார்டும் மட்டும் ஒன்று என்றால் அநேகமாக அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று இரண்டு சேலை வாங்கியவர். அவரை இரட்டை என்று குறித்துப் பணத்தைத் திருப்பி அனுப்பினால் கடைக்குத்தான் நட்டம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பேமென்ட் ஐடி நியாயமாகவே பலமுறை வரலாம். மூன்று சேலை வாங்கியவர் முதலில் ஒன்றை, பிறகு இன்னொன்றைத் திருப்பி அனுப்பினால், அந்த ஐடி பணம் வந்த வரியிலும் இரண்டு ரீஃபண்டு வரிகளிலும் காட்சி தரும். எனவே ஐடியை மட்டும் வைத்துத் தேடினால் பொய்ப் புகார்கள் குவியும். பணம் வந்த வரிக்குப் பேமென்ட் ஐடி, ரீஃபண்டு வரிக்கு ரீஃபண்டு ஐடி, கூடவே வரியின் வகை என்று வைத்துத்தான் தேட வேண்டும். டேட்டாபேஸில் ஏற்றியபின் தேடும் கட்டளை இவ்வளவு சின்னது:

```sql
SELECT entity_id, type, COUNT(*)
FROM settlement
GROUP BY entity_id, type
HAVING COUNT(*) > 1;
```

இதில் `entity_id` என்பது வரிக்கு ஏற்றபடி பேமென்ட் ஐடியாகவோ ரீஃபண்டு ஐடியாகவோ இருக்கும். கட்டளையை ஒரு நாள் ஃபைலில் மட்டும் ஓட்டினால் போதாது. செவ்வாய் ஃபைலில் வந்த வரி வியாழன் ஃபைலிலும் மறுபடி வரலாம். இதுவரை ஏற்றிய எல்லா ஃபைல்களின் மீதும் ஓட்டினால்தான் அது சிக்கும்.

காணாமல் போனவற்றைத் தேடும்போது பொறுமை வேண்டும். ஜோடி இல்லாத வரியைப் பார்த்த உடனே பிழை என்று எழுதிவிட்டால், மறுநாள் பாதி தானாகவே சரியாகிவிடும். மூன்றாம் நாள் அந்தப் பட்டியலை யாரும் மதிக்க மாட்டார்கள். நள்ளிரவு எல்லை ஒரு காரணம். வங்கி விடுமுறை இன்னொன்று. மூன்றாவது காரணம் நேர மண்டலம். கேட்வேயின் கணினி உலகப் பொது நேரத்தில் தேதி எழுதினால், நம் ஊரில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடந்த விற்பனை முழுதும் முந்தைய தேதியில் விழும். நாள்தோறும் அந்த ஐந்தரை மணி நேர ஆர்டர்கள் மட்டுமே விடுபட்டால், சந்தேகப்பட வேண்டியது பணத்தை இல்லை, கடிகாரத்தை. எனவே ஜோடியில்லாத வரிகளுக்கு வயது வைத்துப் பார்ப்பது வழக்கம்: ஒப்பந்தப்படி இரண்டு வேலைநாள் என்றால் அதுவரை 'காத்திருப்பு', தாண்டினால் 'விசாரணை'.

தலைகீழான காணாமல்போதல் ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கப்படுவது வாடிக்கையாளர். ஃபைலில் வரி இருக்கும், பணமும் வந்திருக்கும். கடையின் பட்டியலில் அந்த ஆர்டர் 'தோல்வி' என்று நிற்கும். வங்கி பணத்தைப் பிடித்துவிட்டது; அந்தச் செய்தி கடையின் தளத்துக்கு வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இப்படிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டும் வணிகருக்கு உறுதிச் செய்தி போகாத ஆன்லைன் பரிவர்த்தனைகளில், ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கடை தன் ஆர்டர் பட்டியலிலிருந்து மட்டும் தேடத் தொடங்கினால் இந்த வரிகள் கண்ணிலேயே படாது. பட்டியலில் வெற்றி என்று இருப்பதற்கு ஃபைலில் ஜோடி தேடுவது ஒரு திசை. ஃபைலில் இருப்பதற்குப் பட்டியலில் ஜோடி தேடுவது மறு திசை. இரண்டையும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும்.

ஒரு திசை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு, பேமென்ட் கேட்வேக்கு வெளியே பெரிய உதாரணம் இருக்கிறது. 2023 நவம்பர் 10 முதல் 13 வரை, தீபாவளியை ஒட்டிய நாட்களில், யூகோ வங்கியின் சுமார் 41,000 கணக்குகளில் ஐஎம்பிஎஸ் வழியாக ஏறக்குறைய 820 கோடி ரூபாய் வரவானது. அனுப்பிய பக்கத்து வங்கிகளின் ஏடுகளில் அந்தப் பரிவர்த்தனைகள் தோல்வி என்று இருந்தன. அங்கே யார் கணக்கிலும் பணம் குறையவில்லை. பெற்ற பக்கத்தில் மட்டும் பணம் ஏறியது. அடுத்த சில நாட்களில் 649 கோடியை மீட்டுவிட்டதாக வங்கி அறிவித்தது. மீதிக்காக விவகாரம் சிபிஐ வரை போனது. ரேஸர்பே சம்பவத்தில் ஏட்டில் வெற்றி, பணம் வரவில்லை. இங்கே ஏட்டில் தோல்வி, பணம் போய்விட்டது. அனுப்பிய பக்கத்தின் வெற்றிப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு சோதிப்பவருக்கு யூகோ வரிகளில் ஒன்றுகூடச் சிக்கியிருக்காது.

மூன்றாவது வகை, இரண்டு பக்கமும் ஜோடி இருந்தும் தொகை ஒத்துப்போகாதது. பெரும்பாலும் குற்றவாளி கட்டணம். வெளிநாட்டு கார்டுக்கு அதிகக் கட்டணம் என்று ஒப்பந்தம் இருந்து, 104ஆம் ஆர்டரின் உள்நாட்டு கார்டு தவறாக வெளிநாட்டு கார்டு என்று வகைப்பட்டு 3 சதவீதம் பிடிக்கப்பட்டால், 42.48க்குப் பதில் 63.72 போகும். வித்தியாசம் 21.24 ரூபாய். மொத்தத் தொகை இரண்டு பக்கமும் 1,800 என்றே இருப்பதால், அதை மட்டும் ஒப்பிடும் சோதனையில் இது தெரியாது. கட்டண விகிதத்தை ஒப்பந்தத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தானே கணக்குப் போட்டு, ஃபைல் சொல்லும் கட்டணத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

பைசா வித்தியாசங்கள் வேறு கதை. 499 ரூபாய்க்கு 2 சதவீதம் 9.98, அதற்கு ஜிஎஸ்டி 1.7964, அதாவது 1.80. ஆயிரம் ஆர்டரில் வரிவரியாக முழுமையாக்கினால் வரி 1,800 ரூபாய். மொத்தத்தின் மீது ஒரே தடவை போட்டால் 1,796.40. இந்த 3.60 ரூபாய் யாரும் திருடியது இல்லை. முழுமையாக்கும் இடம் வேறு, அவ்வளவுதான். கேட்வே எங்கே முழுமையாக்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதே இடத்தில் நாமும் செய்தால் வித்தியாசம் மறையும். அதைச் செய்யச் சோம்பல்பட்டு, 'ஐந்து ரூபாய்க்குள் வித்தியாசம் வந்தால் விட்டுவிடு' என்று மென்பொருளில் விதி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் அந்த விலக்கு கொடுத்தால், ஆயிரம் வரிகளில் ஐயாயிரம் ரூபாய்க்கு யாரும் கேட்காத கதவு திறந்து கிடக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்தபிறகும் பொருத்தம் விழாமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்செல். யுபிஐ பரிவர்த்தனையின் குறிப்பு எண் 12 இலக்கம். அந்த சிஎஸ்வி ஃபைலை ஒருவர் எக்செலில் சும்மா திறந்து பார்த்தால், எண் `4.12E+11` என்று சுருங்கித் தெரியும். அப்படியே சேமித்துவிட்டால் சுருங்கிய வடிவமே ஃபைலில் எழுதப்படும். பின்னிலக்கங்கள் போயே போய்விடும். முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் அதுவும் உதிரும். அந்த எண் பெரும்பாலும் ஆண்டின் கடைசி இலக்கத்தில் தொடங்குவதால், 2020இல் நடந்த பரிவர்த்தனைகளுக்கு முன்னால் பூஜ்ஜியம் இருந்தது. அந்த ஆண்டுப் பழைய ஃபைல்களைத் தோண்டுபவர்களுக்கு 11 இலக்க எண்கள் கிடைத்தால் காரணம் இதுதான். ஃபைலை எக்செலில் திறக்காமல் நேராக ஏற்ற வேண்டும். திறந்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக இறக்குமதி செய்ய வேண்டும்.

வங்கிப் பக்கத்திலும் ஒரு தொல்லை உண்டு. யுடிஆர் பல வங்கிகளில் தனிப் பத்தியாக வராது. விவரக் குறிப்புக்குள் கேட்வேயின் பெயரோடும் கிளைக் குறியீட்டோடும் ஒட்டிக்கொண்டு வரும். என்இஎஃப்டி எண் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் எண் 22 எழுத்து. குறிப்பு நீளமாகி வால் வெட்டுப்பட்டால், 22 எழுத்தில் 18 மட்டும் மிஞ்சும். அப்போது தொகையையும் தேதியையும் வைத்துப் பொருத்திவிடலாம் என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அந்த வரியை 'ஊகப் பொருத்தம்' என்று தனியாகக் குறித்து, ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒத்துப்பார்க்கும் மென்பொருள் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிஜ ஃபைலைக் கொடுத்து "பிழை இல்லை" என்ற பதில் வந்தால் இரண்டு அர்த்தம் உண்டு: பிழை இல்லை, அல்லது பார்க்கத் தெரியவில்லை. அதனால் சோதனையாளர்கள் வேண்டுமென்றே கெடுத்த ஃபைலைக் கொடுக்கிறார்கள். சேலைக் கடையின் ஐந்து வரிகளையே எடுத்துக்கொண்டு, 101ஐ இரட்டித்து, 105ஐ நீக்கி, மொத்தம் மாறாமல் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். மென்பொருள் ஒரு இரட்டை, ஒரு காத்திருப்பு என்று சொல்ல வேண்டும். வெறும் 'பொருந்தியது' என்றால் தேறவில்லை. அடுத்த தடவை 104இன் கட்டணத்தை மட்டும் மாற்றலாம். பிறகு ஒரு யுடிஆரின் வாலை வெட்டலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் உள்ளே போன வரிகளின் எண்ணிக்கை, பொருந்தியவை, பொருந்தாதவை, நிராகரித்தவை மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமா என்றும் பார்க்க வேண்டும். சமமில்லை என்றால் மென்பொருளே வரிகளை விழுங்குகிறது.

பலரும் எழுத மறக்கும் சோதனை ஒன்று, ரீஃபண்டு விற்பனையை மிஞ்சும் நாள். பண்டிகை முடிந்த வாரத்தில் 4,000 ரூபாய்க்கு விற்று 6,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் நிகரம் எதிர்மறை. அன்றைக்கு வங்கியில் வரவே இருக்காது. மென்பொருள் இதைக் காணாமல் போன செட்டில்மென்ட் என்று அலறக் கூடாது. அந்தப் பாக்கியை அடுத்த செட்டில்மென்ட்டில் கழித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு அதே ஃபைலை இரண்டாம் முறை ஏற்றிப் பார்ப்பார்கள். அலுவலகத்தில் காலை ஷிஃப்ட்டில் ஒருவர் ஏற்றியதை மாலை ஷிஃப்ட்டில் இன்னொருவர் மறுபடி ஏற்றுவது சாதாரணம். நல்ல மென்பொருள், 'இந்த ஃபைல் ஏற்கெனவே வந்துவிட்டது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.